குர்தாவுக்கு அளவு எடுப்பது: தையல் பிரிவு மாணவர்களுக்கு டீச்சரின் பதில்கள்

குர்தா தைக்க ஜோடியின் அளவை எடுத்து வரச் சொன்ன அறிவிப்பைப் படித்துவிட்டு நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். திங்கட்கிழமை வகுப்பில் துணி வெட்டப் போவதால் பதில்களை இப்போதே எழுதிவிடுகிறேன். எல்லோரும் உங்கள் ஜோடியின் அளவுச் சீட்டோடு வர வேண்டும்.

பாலக்கோட்டு மாணவி: மிஸ், மார்பளவு எடுக்கும்போதே 2 இன்ச் லூஸ் சேர்த்து எழுதிட்டேன். சரிதானே?

லூஸ் வேண்டும் என்பது சரி, அதை நீ சேர்த்த இடம்தான் தப்பும்மா. அளவுச் சீட்டில் உடம்பின் அளவு மட்டும் இருக்கணும். உன் சீட்டை வைத்து வெட்டப் போவது வேறு ஒருத்தி. அவளுக்கு நீ சேர்த்தது தெரியாது, அவள் பங்குக்கு 3 இன்ச் சேர்ப்பாள். 34 இன்ச் மார்புக்கு 37-ல் வரவேண்டிய குர்தா 39-ல் வந்து, அக்குளுக்குக் கீழே துணி மடிந்து தொங்கும்.

சீட்டில் இரண்டு கட்டம் போடு. இடது பக்கம் உடல் அளவு, வலது பக்கம் வெட்டு அளவு. மார்பு 34, இடுப்பு 29, பின்புறச் சுற்றளவான சீட் 37 என்று வைத்துக்கொள். காட்டன் குர்தா என்றால் மூன்றுக்கும் 3 இன்ச் லூஸ் போதும். அப்போது 37, 32, 40. நாலில் ஒரு பங்கு 9¼, 8, 10. பக்கத் தையலுக்கு 1 இன்ச் விட்டால் துணியில் குறிக்க வேண்டியது 10¼, 9, 11. இந்தக் கணக்கு முழுக்க வலது கட்டத்தில்தான் நடக்கணும். இடது கட்டத்தை யாரும் அடித்துத் திருத்தக் கூடாது.

பெரியப்பாவின் தையல் கடையில் உதவி செய்யும் மாணவன்: எங்க கடையில 4 இன்ச் சேர்ப்பாங்க டீச்சர். 3 பத்தாது.

உங்கள் பெரியப்பா சொல்வது ஆண்கள் குர்தாவாக இருக்கலாம். அதற்கு 4, சில சமயம் 5 கூட வைப்பார்கள். கனமான துணிக்கும் கூடுதலாக விடுவது சரிதான். வகுப்பில் எடுத்திருப்பது பெண்கள் அணியும், சைடு ஓப்பன் வைத்த காட்டன் குர்தா. அதற்கு 3-ல் தொடங்கச் சொல்கிறேன். யார் எவ்வளவு சேர்த்தாலும் உடல் அளவு 34 என்பது மாறாது.

பென்னாகரம் மாணவி: சோல்டர் ஒவ்வொரு தடவையும் வேற வேற வருது. 14, 14½, 15.

எலும்பைத் தேடாமல் சட்டையின் கைத் தையலை வைத்து எடுக்கிறாய் என்று நினைக்கிறேன். யூனிஃபார்ம் தையல் தோளைவிட்டு இறங்கித்தான் இருக்கும். அளவு கொடுப்பவளைக் கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கச் சொல். தோள் முடியும் இடத்தில் சின்னதாக ஒரு குழி விழும். அங்கே விரலை வைத்தபடியே கையை இறக்கச் சொல். விரல் நிற்கும் இடம்தான் சோல்டர் முனை. சாக்பீஸால் புள்ளி வை, மறுபக்கமும் அப்படியே. பிறகு முதுகுப் பக்கமாக, பின்கழுத்து எலும்பைத் தொட்டு டேப்பைப் போடு. முன்பக்கம் எடுத்தால் கழுத்தெலும்பு தூக்கிவிடும்.

அரை இன்ச்தானே என்று விட்டுவிடாதே. சோல்டர் கூடினால் கைத் தையல் தோளைவிட்டு வழியும். குறைந்தால் முதுகு இறுகி, கையை முன்னால் நீட்டும்போது அக்குளிலிருந்து கோடு கோடாகச் சுருக்கம் விழும். தைத்து முடித்த பிறகு சோல்டரைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கையையே பிரிக்கணும்.

தேன்கனிக்கோட்டை மாணவி: காலையில குளிருதுன்னு ஸ்வெட்டர் மேலேயே எடுத்தோம். 1 இன்ச் கழிச்சுக்கலாமா?

கழிக்க வேண்டாம், மறுபடி எடுங்கள். ஸ்வெட்டர் மார்பில் ஒரு கனம், இடுப்பில் வேறு கனம். எதைக் கழிப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. மெல்லிய, உடம்போடு ஒட்டிய உடை போதும். துப்பட்டாவையும், இடுப்பில் சுருட்டிச் செருகிய எதையும் எடுத்துவிட வேண்டும்.

மார்பைச் சுற்றும்போது டேப் முதுகில் கீழே சரிவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. முன்னால் நிற்பவளுக்கு அது தெரியாது. அதனால் பக்கவாட்டில் நின்று எடு, டேப் தரைக்குச் சமமாகப் போகிறதா பார். மூச்சை இழுத்துப் பிடிக்க விடாதே, அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே எண்ணைப் படி. டேப் தொட்டுக்கொண்டு இருக்கணும், அழுத்தக் கூடாது. பெண்களுக்குப் பெண்கள்தான் அளவு எடுக்க வேண்டும். எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் சீட்டில் எழுதுங்கள்.

ஒரு மாணவியின் அம்மா: பாப்பாவோட பழைய குர்தாவைக் கொடுத்தனுப்பறேன். அதை வெச்சே வெட்டிக்கக் கூடாதா?

அளவு எடுக்கும் பயிற்சி என்பதால் உடம்பில் எடுத்தே ஆகணும்மா. ஆனாலும் அந்தக் குர்தாவைக் கொடுத்தனுப்புங்கள், ஒப்பிட உதவும். சமமாக விரித்து அக்குளுக்குக் கீழே அளந்தால் 18½ வரும் என்று வையுங்கள், சுற்று 37. அது லூஸும் சேர்ந்த அளவு. அதன்மேல் இன்னொரு 3 சேர்த்துவிடக் கூடாது. அந்த எண் இடது கட்டத்துக்குப் போகவே கூடாது.

அரூர் மாணவி: போன தடவை தைச்ச குர்தா நின்னா சரியா இருக்கு. உட்கார்ந்தா சைடு ஓப்பன் இழுத்துப் பிரியுது. இடுப்பு அளவு சரியாத்தான் எடுத்தேன்.

இடுப்பு சரியாகத்தான் இருக்கும். கோளாறு சீட் அளவில். பலரும் தொப்புளுக்குச் சற்றுக் கீழே சுற்றிவிட்டு அதையே சீட் என்று எழுதுகிறார்கள். பின்புறம் எங்கே அதிகம் பருத்திருக்கிறதோ அங்கே சுற்றணும். கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி டேப்பை மெதுவாக மேலும் கீழும் நகர்த்து, பெரிய எண் வரும் இடத்தில் நிறுத்து.

சுற்றளவோடு இன்னொன்றும் வேண்டும். கழுத்து ஓரச் சோல்டரிலிருந்து அந்த இடம் எத்தனை இன்ச் கீழே என்பது. அது 21 என்றால் ஓப்பன் 20-லாவது தொடங்கணும். நீ 23-ல் தொடங்கியிருப்பாய். அகலமான இடம் மூடிய தையலுக்குள் மாட்டிக்கொண்டது. உட்காரும்போது சீட் இன்னும் விரியும், துணிக்குப் போக இடமில்லை, அதனால் தையல் முனை பிய்கிறது. ஓப்பனே இல்லாத குர்தா என்றால் 3 இன்ச் லூஸ் போதாது, நடையே இறுகும்.

காவேரிப்பட்டணம் மாணவன்: என் டேப்புல 34, அவன் டேப்புல 33½. எதை நம்பறது?

இரண்டையும் ஸ்டீல் ஸ்கேலில் வைத்துப் பார். சென்டிமீட்டர் பக்கம் 0-விலிருந்து 30, 30-லிருந்து 60, 60-லிருந்து 90 என்று துண்டு துண்டாகச் சரிபார். பழைய டேப் நீளும். நீண்டுபோன டேப் உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும், குர்தா டைட்டாகும். தகர முனை கழன்ற டேப்பும் வேண்டாம். இரண்டு முனையிலும் எண் 1-லிருந்து தொடங்குவதால் எந்தப் பக்கம் படிக்கிறாய் என்பதையும் பார்.

பர்கூர் மாணவி: ஆம்ஹோல் உடம்புல எடுக்கணுமா, மார்பளவை வெச்சுக் கணக்கு போடணுமா?

இரண்டும் நடைமுறையில் இருக்கிறது, தையல்காரர்களே இதில் ஒத்துப்போக மாட்டார்கள். நடுத்தர உடம்புக்குக் கணக்கு பொருந்தும். புஜம் பருத்தவர்களுக்கும் மிக ஒல்லியானவர்களுக்கும் கணக்கு பிசகுகிறது என்பது என் எண்ணம். அதனால் உடம்பிலும் எடுக்கச் சொல்கிறேன். சோல்டர் முனையிலிருந்து அக்குள் வழியாகச் சுற்றி, கையைத் தொங்கவிட்ட நிலையில் எடு. துணியில் வளைவு வரைந்ததும் டேப்பை ஓரமாக நிறுத்தி, தையல் கோட்டின்மேல் அளந்து, முன், பின் இரண்டையும் கூட்டு. உடல் அளவைவிட 1 இன்ச் கூடுதலாக இருந்தால் வெட்டலாம். அதைவிட அதிகமாக இறக்கிவிட்டால், கையைத் தூக்கும்போது குர்தா முழுவதும் மேலே ஏறும். உன் ஜோடியின் எண் கணக்கோடு பொருந்தவில்லை என்றால் இரண்டையும் எழுதிக்கொண்டு வா, பேப்பரில் வெட்டி அவள் தோளில் வைத்தே பார்த்துவிடலாம்.