எஸ்எம்எஸ் அனுப்பாமல் பிடித்த அபராதம்

“அம்மாவின் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று 354 ரூபாய் பிடித்துவிட்டார்கள். எஸ்எம்எஸ் எதுவும் வரவில்லை. கிளையில் கேட்டால் ‘சிஸ்டம் தானாகப் பிடித்தது’ என்கிறார்கள்.”

அந்தப் பதிலை ஏற்காதீர்கள். 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, இருப்பு குறைந்ததும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் வங்கி தெரிவிக்க வேண்டும். சரிசெய்யக் குறைந்தது ஒரு மாத அவகாசமும் தர வேண்டும். அதன் பிறகே அபராதம்.

எனவே “ஏன் பிடித்தீர்கள்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு அறிவிப்பு அனுப்பினீர்கள்? நகல் தாருங்கள்” என்று எழுத்தில் கேளுங்கள். அம்மாவின் பழைய எண்ணே பதிவில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். அப்படியிருந்தால் வாதம் பலவீனமாகிவிடும்.

354 என்பது 300 ரூபாயும் 18% ஜிஎஸ்டியும். இரண்டையும் சேர்த்தே திருப்பிக் கேளுங்கள்.

கணக்கையும் சரிபாருங்கள். குறைந்தபட்ச இருப்பை வங்கி மாதச் சராசரியாகப் பார்த்தால், அது ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி நாட்களால் வகுப்பது. 20 நாள் 6,000, 10 நாள் 600 இருந்தால் சராசரி 4,200. வரம்பு 5,000 என்றால் குறைவு 800 மட்டுமே. அபராதம் அந்தக் குறைவின் அளவுக்கேற்ப இருக்க வேண்டும். 800 ரூபாய் குறைவுக்கு 300 என்றால் கட்டண அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்.

கடித நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது மறுத்தால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது.