வாயை மூடும் தசைதான் மூடவிடாமல் வைத்தது

டொக்டர், போன ஞாயிறு இரவு அம்மா பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். திறந்த வாய் மூடவே இல்லை. பேச முடியாமல், எச்சில் வழிய அழுதுகொண்டிருந்தார். நான் நாடியைப் பிடித்து மேலே தள்ளியும் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்கள். அடிபடவில்லை, எலும்பும் உடையவில்லை. பிறகு தாடை எப்படிக் கழன்றது?
– வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள். முதலில் விரலுக்கடியில் தாடையெலும்பின் உருண்டைத் தலை இருந்த இடத்திலேயே சுழலும், கதவுக் கீல் மாதிரி. இன்னும் திறந்தால் அது முன்னால் வழுக்கிப் போய்விடும், விரலுக்கடியில் பள்ளம் விழும். வளர்ந்தவர்களின் வாய் 40, 50 மில்லிமீற்றர் வரை திறப்பது இந்த வழுக்கலால்தான். சுழற்சி மட்டும் என்றால் அதில் பாதிதான் திறக்கும்.

அந்தத் தலை மண்டையோட்டில் ஒரு குழியில் இருக்கிறது. குழிக்கு முன்னால் ஒரு சிறு எலும்பு மேடு. லேட்டரல் டெரிகாய்ட் என்ற தசை தலையை முன்னுக்கு இழுத்து இந்த மேட்டின் சரிவில் இறக்குகிறது. மூடும்போது அது தளர வேண்டும், தலை குழிக்குத் திரும்ப வேண்டும், அப்புறம்தான் மூடும் தசைகள் முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் மாசெட்டரும், பொட்டில் துடிக்கும் டெம்போராலிஸும் அந்தத் தசைகளில் முக்கியமானவை.

பெரிய கொட்டாவியில் தலை மேட்டைத் தாண்டி முன்னால் போகலாம். பலருக்குத் தாண்டிவிட்டுத் தானாகவே திரும்பிவிடும். உங்கள் அம்மாவுக்கு, அது திரும்புவதற்குள் மூடும் தசைகள் இறுகியிருக்கும். அவை இழுப்பது மேல்நோக்கி. மேட்டுக்கு முன்னால் நிற்கும் தலையை மேலே இழுத்தால் அது மேட்டின் முன்பக்கத்தில்தான் போய் மாட்டும். வலி வர வர தசை இன்னும் இறுகும். நீங்கள் நாடியை மேலே தள்ளியதும் அதே திசைதான். பதறிய நேரத்தில் யாரும் அப்படித்தான் செய்வார்கள், மனம் வருந்தாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் துணி சுற்றிய பெருவிரல்களைக் கீழ்க் கடைவாய்ப் பக்கம் வைத்து, முதலில் கீழே அழுத்தியிருப்பார்கள், பிறகு பின்னால் தள்ளியிருப்பார்கள். கீழே இறங்கினால்தான் தலை மேட்டைக் கடக்கும். கடந்ததும் தாடை சட்டென்று மூடும். துணி சுற்றுவது விரல் கடிபடாமல் இருக்கத்தான். நாடி நேராக முன்னுக்கு நின்றிருந்தால் இரு பக்கமும் கழன்றிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் நாடி மறுபக்கம் கோணியிருக்கும்.

இனிக் கவனிக்க வேண்டியது மூட்டைச் சுற்றிய உறையையும் தசைநார்களையும். ஒருமுறை இழுபட்டவை தளர்ந்திருக்கும், மறுபடி கழலுவது எளிது. சில வாரங்களுக்கு அம்மாவுக்கு மென்மையான சாப்பாடே கொடுங்கள். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க வேண்டாம். கொட்டாவி வரும்போது நாடிக்குக் கீழே கையை வைத்துத் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.