டெப்ரிசியேஷன் வேற, லிஃப்ட் ஃபண்டு வேற

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட் சங்கத்து கணக்குல ஆடிட்டர் வருஷா வருஷம் லிஃப்டுக்கு டெப்ரிசியேஷன் போட்டுக்கிட்டுதான் இருக்காரு. இப்ப கமிட்டி புதுசா ரீப்ளேஸ்மெண்ட் ஃபண்டுன்னு தனியா கேக்குது. ஒரே லிஃப்டுக்கு ரெண்டு தடவை வசூலா?

பதில்:

ரெண்டு தடவை வசூலா இருக்கவும் வாய்ப்பு உண்டுங்க, ஆனா டெப்ரிசியேஷன்னு ஒண்ணு இருக்கறதால மட்டும் அப்படி ஆயிடாது. மெயிண்டனன்ஸ் தொகையை எந்த ஷீட்ல இருந்து கணக்கு போட்டு எடுக்கறாங்கங்கறதுலதான் விஷயம் இருக்கு, அதுக்கு கடைசியில வர்றேன்.

முதல்ல, டெப்ரிசியேஷன் எண்ட்ரி போடும்போது சல்லிக்காசு கூட எங்கயும் நகராது. உதாரணத்துக்கு 10 வருஷம் முன்னாடி 12 லட்சத்துக்கு லிஃப்ட் போட்டாங்க, ஆயுசு 20 வருஷம்னு வெச்சுக்குவோம். பணம் அன்னிக்கே போயாச்சு. அதை ஒரே வருஷத்து செலவா காட்டினா அந்த வருஷ கணக்கே கோணலா தெரியும்கறதால 20ஆ பிரிச்சு வருஷம் 60,000னு காட்டறாங்க, அவ்வளவுதான். ஃபண்டு கேக்கறது அடுத்த லிஃப்டுக்கு. பில்டரே லிஃப்டை போட்டு குடுத்துட்டு போன பல சங்கங்கள்ல லிஃப்டோட விலையே புக்ல இருக்காது, அதனால டெப்ரிசியேஷனும் பூஜ்யம், அதுக்காக அந்த லிஃப்ட் தேயாமலா இருக்கு?

இப்ப கணக்குக்கு வருவோம். இன்னிக்கு அதே மாதிரி லிஃப்ட் மாத்த 20 லட்சம் ஆகும்னு கொட்டேஷன் வந்திருக்கு, விலை வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறும்னு எடுத்துக்கிட்டா 10 வருஷம் கழிச்சு 32.58 லட்சம். இதுவரைக்கும் காட்டின டெப்ரிசியேஷன் அளவுக்கு 6 லட்சத்தை யாரோ புண்ணியவான் நிஜமாவே டெபாசிட்ல போட்டு வெச்சிருக்கார்னும் வைங்க (பெரும்பாலும் இருக்காது). 6 சதவீத வட்டியில அது 10.75 லட்சமா வளரும். இனிமேலும் டெப்ரிசியேஷன் அளவுக்கே, அதாவது வருஷக் கடைசியில 60,000 போட்டுக்கிட்டே வந்தா அது ஒரு 7.91 லட்சம் ஆகும். ரெண்டும் சேர்ந்து 18.66 லட்சம், அப்பவும் கிட்டத்தட்ட 14 லட்சம் துண்டு விழுது. காரணம் ஒண்ணுதான், டெப்ரிசியேஷன் பழைய விலையை வெச்சு ஓடுது, நீங்க வாங்கப்போறது புது விலையில. ஆடிட்டர் ரிட்டன் டவுன் வேல்யூ முறையில, அதாவது வருஷா வருஷம் மீதி இருக்கற மதிப்புல 15 சதவீதம் போடறவரா இருந்தா இன்னும் குழப்பம், 10 வருஷத்துல புக்ல லிஃப்டோட மதிப்பு 2.36 லட்சம்னு நிக்கும், வருஷா வருஷம் டெப்ரிசியேஷன் தொகையும் சுருங்கிக்கிட்டே போகும், ஆனா லிஃப்ட் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்கறதுக்கும் அந்த நம்பருக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது.

அப்ப அந்த 6 லட்சம் டெபாசிட்ல இருக்குன்னே வெச்சுக்கிட்டா வருஷத்துக்கு எவ்வளவு போடணும்? எக்செல்லயோ கூகுள் ஷீட்லயோ ஒரே வரி, தொகையெல்லாம் லட்சத்துல:

```
=PMT(6%,10,-6,32.58)
```

-1.66னு வரும், மைனஸ் இருந்தா உங்க கையில இருந்து போற பணம்னு அர்த்தம், பயப்பட வேண்டாம். அதாவது வருஷம் 1.66 லட்சம், 40 வீடு இருந்தா வீட்டுக்கு வருஷம் 4,150, மாசத்துக்கு 345 கிட்ட. இதையே செய்யாம விட்டு, டெபாசிட்டும் இல்லாம, லிஃப்ட் நின்ன அன்னிக்கு வசூல் பண்ணா ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய் 81,000க்கு மேல கேக்கணும், அதுவும் போன மாசம்தான் குடி வந்தவங்ககிட்டயும் சேர்த்து. அவங்க அந்த பழைய லிஃப்ட்ல எத்தனை தடவை ஏறியிருப்பாங்க, சொல்லுங்க. எல்லா வருஷமும் ஒரே தொகைங்கறது கூட எனக்கு அவ்வளவா பிடிக்காது, முதல் வருஷம் 1.35 லட்சத்துல ஆரம்பிச்சு வருஷம் 5 சதவீதம் ஏத்திக்கிட்டே போனாலும் அதே இடத்துக்கு வந்து சேரும், மீட்டிங்ல ஒத்துக்க வைக்கறதும் சுலபம்.

ஆனா இந்த 5 சதவீதத்தை கல்லுல செதுக்கினதா நினைக்காதீங்க. விலையேற்றம் 7 சதவீதம் ஆனா அதே 1.66 லட்சம் 2.17 ஆயிடும். அதனால ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புது கொட்டேஷன் வாங்கி, மீதி ஆயுசையும் சர்வீஸ் பண்றவங்ககிட்ட கேட்டு திருப்பி கணக்கு போடணும். கேக்கும்போது மொத்தமா மாத்தணுமா, இல்ல கண்ட்ரோல் பேனல், மோட்டார், கதவு மட்டும் மாத்தினா போதுமான்னும் கேளுங்க, தண்டவாளம் மாதிரி சில பாகங்களை அப்படியே வெச்சுக்க முடிஞ்சா தேவைப்படற தொகையே நல்லா குறையும்.

சரி, உங்க சந்தேகத்துக்கு வர்றேன். கமிட்டி மெயிண்டனன்ஸ் ரேட்டை போன வருஷ வரவு செலவு ஸ்டேட்மெண்டை வெச்சு முடிவு பண்ணுதுன்னா, அந்த செலவு லிஸ்டுல டெப்ரிசியேஷன் 60,000 உக்காந்திருக்கும், அதுக்கும் சேர்த்துதான் உங்ககிட்ட வாங்கறாங்க. அதுக்கு மேல 1.66 லட்சம் ஃபண்டுன்னா மொத்தம் 2.26 லட்சம், அப்ப நீங்க சொல்றது சரி, 60,000 ரெண்டாவது தடவை வசூல்தான். அந்த பணம் யார் வீட்டுக்கும் போகாது, பேர் இல்லாம பொது அக்கவுண்ட்ல கிடந்து பெயிண்ட்டுக்கும் பண்டிகை விழாவுக்கும் கரைஞ்சிடும். இதுக்கு ஆடிட்டரை டெப்ரிசியேஷனை எடுக்க சொல்லாதீங்க, கணக்குல அது இருந்தே ஆகணும். வசூல் பட்ஜெட்ல மட்டும் டெப்ரிசியேஷன் வரியை தூக்கிட்டு ஃபண்டு 1.66 லட்சம்னு போடலாம், இல்லன்னா டெப்ரிசியேஷனுக்குன்னு வாங்கற 60,000த்தையும் ஃபண்டுக்கே மாத்திட்டு மேல 1.06 லட்சம் மட்டும் கேக்கலாம். எப்படி போட்டாலும் கூட்டுத்தொகை ஒண்ணுதான்.

இதைவிட நான் அடிக்கடி பாக்கற கோளாறு ஒண்ணு இருக்கு. பேலன்ஸ் ஷீட்ல பொறுப்பு பக்கம் "லிஃப்ட் ரிசர்வ் 6 லட்சம்"னு அழகா எழுதியிருக்கும், எல்லாரும் நிம்மதியா தலையாட்டிட்டு வந்துருவாங்க. அது வெறும் பேரு. சொத்து பக்கம் அதே 6 லட்சத்துக்கு ஈடா டெபாசிட் இருக்கான்னு பாருங்க. டெபாசிட் 1.5 லட்சம்தான் இருக்கு, "உறுப்பினர் பாக்கி 4 லட்சம்"னு ஒரு வரி இருக்குன்னா, உங்க லிஃப்ட் பணம் மெயிண்டனன்ஸ் கட்டாதவங்க பாக்கெட்ல இருக்குன்னு அர்த்தம். பில் போட்டதுமே ரிசர்வை ஏத்தி எழுதிடறாங்க, பணம் வந்துச்சான்னு யாரும் பாக்கறதில்ல. அதனால ஃபண்டுக்கு தனி அக்கவுண்ட், பொதுக்குழு தீர்மானம் இல்லாம அதுல இருந்து எடுக்கக் கூடாது, வட்டியும் அதுக்குள்ளயே சேரணும். (மேல இருக்கற கணக்குல அந்த வட்டி மட்டுமே 10 வருஷத்துல 10 லட்சத்துக்கு கிட்ட, அதை பொது வரவுல சேர்த்துட்டா மொத்த கணக்கும் படுத்துரும்.)

அடுத்த மீட்டிங்குக்கு போகும்போது கமிட்டிகிட்ட ரெண்டு பேப்பர் கேளுங்க, வசூல் பட்ஜெட்டும், வருஷக் கடைசி தேதியில இருந்த டெபாசிட் ஸ்டேட்மெண்டும். முதல்ல டெப்ரிசியேஷன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, ரெண்டாவதுல இருக்கற தொகையை ரிசர்வோட ஒப்பிட்டு பாருங்க. சரியா இருந்தா பேசாம ஃபண்டை கட்டிடுங்க.