‘ஓகே’ போட்டவர் மனுவில் கையெழுத்துப் போட்டவர் ஆவாரா?

கேள்வி: எங்கள் தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ‘தெருவைச் சரி செய்ய மனு கொடுக்கப் போகிறேன், ஆதரவு இருந்தால் ஓகே போடுங்கள்’ என்று எழுதினேன். 38 பேர் போட்டார்கள். அத்தனை பேரின் பெயரையும் சேர்த்து மனு கொடுத்தேன். சாலையோடு வடிகாலும் வேண்டும், அதற்கு இடைஞ்சலாக உள்ள வாசல் படிகளை அகற்ற வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தேன். இப்போது அளவெடுக்க வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர், ‘நான் கையெழுத்தே போடவில்லை, போலி மனு’ என்று வழக்குப் போடுவேன் என்கிறார். அவர் வீட்டுக் கழிவுநீர்தான் தெருவையே கெடுத்தது! நல்லது செய்யப் போனதற்கு இதுதான் பலனா?

பதில்: கழிவுநீர் விவகாரத்துக்குத் தனியாகப் புகார் கொடுங்கள், இதில் அதை இழுத்தால் பழிவாங்க மனு போட்டதாக அவர் சொல்ல நீங்களே வழி செய்து தருவீர்கள். உங்கள் நல்லெண்ணமும் இங்கே கேள்வியல்ல. அவர் ‘ஓகே’ போட்டபோது எந்த வாசகம் அவர் கண்முன் இருந்தது என்பது ஒன்றுதான் கேள்வி. இருந்தது ‘தெருவைச் சரி செய்ய’ என்ற ஒரு வரி. தன் வீட்டுப் படியை இடிக்க அவர் சம்மதித்ததாக அதை எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது. அந்தப் பகுதியைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி.

அடுத்து, பட்டியல் எப்படி இருந்தது என்று உங்களிடம் உள்ள நகலை எடுத்துப் பாருங்கள். ‘ஆதரவு தெரிவித்தோர்’ என்ற தலைப்பில் பெயர்களைத் தட்டச்சு செய்திருந்தால், சொல்லாததைச் சொன்னதாக எழுதிய பிழை, சரி செய்யலாம். ‘கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்’ என்று தொடங்கியிருந்தால் நிலைமை மோசம். கையெழுத்துக் கட்டத்தில் அவர்களுக்குப் பதிலாக நீங்களே ஏதாவது கிறுக்கியிருந்தால், யாருக்கும் ஒரு வரிகூட எழுதாதீர்கள். முதலில் நகலோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அந்த நிலையில் எழுதும் மன்னிப்புக் கடிதம் ஒப்புதல் வாக்குமூலமாகவே படிக்கப்படும்.

இந்த மாதிரி விவகாரங்களில் சிக்கியவர்கள் விழும் குழி மனுவில் இல்லை, அதற்குப் பிறகு பதற்றத்தில் செய்வதில்தான் இருக்கிறது. முதலில் குழுவில் போட்ட செய்தியை அழிப்பார்கள். 38 பேர் தாமாக ஆதரவு சொன்னதற்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதை அழித்துவிட்டு, பெயர்களைக் கற்பனையாகச் சேர்க்கவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? அடுத்து, வீடு வீடாகப் போய் பழைய தேதியிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். மனு போய்ச் சேர்ந்த தேதி அலுவலக முத்திரையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் உண்மையைச் சொன்னால் போதும், சின்ன விவகாரம் மோசடி வழக்காகிவிடும். இரண்டையும் செய்யாதீர்கள். குழு உரையாடலை ஏற்றுமதி செய்து, திரைப்பிடிப்போடு பத்திரப்படுத்துங்கள்.

சண்டை போட்டு ஜெயிக்க இதில் ஒன்றுமில்லை, சமரசமாகப் போங்கள். தட்டச்சுப் பட்டியல் மட்டும்தான் என்றால், அதே அலுவலகத்துக்கு ஒரு திருத்தக் கடிதம் கொடுங்கள்: ஆதரவாளர் பட்டியலையும் படிகள் குறித்த கோரிக்கையையும் திரும்பப் பெறுகிறேன், சாலைச் சீரமைப்புக் கோரிக்கை மட்டும் என் பெயரில் நீடிக்கிறது. ஏன், எப்படி என்ற விளக்கம் வேண்டாம். ஒப்புகை பெற்று, ஒரு நகலை எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். பெரும்பாலும் அதோடு முடியும். சாலையில் பள்ளம் இருக்கிறது என்று சொல்ல ஒருவர் போதும். 38 பேர் சேர்வது அழுத்தம் கொடுக்க மட்டுமே.

ஆனால் ஒன்று: அளவெடுப்பு இனி உங்கள் கையில் இல்லை. படி பொதுவழியில் நீண்டிருந்தால், நீங்கள் மனுவை வாபஸ் வாங்கினாலும் நடவடிக்கை தொடரலாம். அதை நிறுத்தித் தருகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆதரவு மறுபடி திரட்டுவதானால், மனுவை எழுதி முடித்த பிறகு, அதன் முழுப் படத்தோடு இப்படி அனுப்புங்கள்:

“கதவு எண் 4 முதல் 31 வரை சாலைப் பள்ளங்களை மூடி மேல்தளம் போடக் கோரும் மனு இணைப்பில் உள்ளது. வேறு கோரிக்கை இல்லை. ஞாயிறு இரவு 8 மணிக்குள் இந்தச் செய்திக்கே பதில் தரவும்: ஆம் அல்லது இல்லை, முழுப்பெயர், கதவு எண். ‘ஆம்’ என்போர் பெயரும் கதவு எண்ணும் மட்டும் ஆதரவாளர் பட்டியலில் வரும். பதில் தராதவர் பெயர் சேராது.”

செய்தியின் மேல் போடும் கட்டைவிரல் குறியைப் பதிலாக ஏற்காதீர்கள். போட்டவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், அதில் கதவு எண்ணும் இல்லை. ஒருவர் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் சேர்த்து ‘ஆம்’ சொன்னால் அவர் பெயரை மட்டும் எழுதுங்கள். பதில்கள் வந்த பிறகு மனுவில் கோரிக்கை ஒன்றைக் கூட்டினாலும் பழைய ‘ஆம்’ செல்லாது, முதலிலிருந்து கேட்க வேண்டும்.