பெரிய எழுத்தில் பாடக்குறிப்பு: 36 பாயின்ட் போட்டும் ஏன் களைப்பு?

கேள்வி: டாக்டர், என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்டார்கார்ட் நோய். கண்ணாடி போட்டும் இரண்டு கண்ணிலும் 6/60தான், அதாவது மற்றவர்கள் 60 மீட்டரில் பார்ப்பதை இவள் 6 மீட்டரில்தான் பார்க்கிறாள். கிட்டப்பார்வைக்கு, 15 செ.மீ. தூரத்தில் N12 என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். அறிவியல் குறிப்புகளை 36 பாயின்ட் போல்டில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். எழுத்து தெரிகிறது என்கிறாள். ஆனால் வரி தவறுகிறது, அரை மணி நேரத்தில் களைத்துவிடுகிறாள். இன்னும் பெரிதாக்கலாமா? இடைவெளி எவ்வளவு விட வேண்டும்?
(ஒரு தந்தை, திண்டுக்கல்)

மருத்துவர் பதில்: பெரிதாக்க வேண்டாம். உங்கள் மகளுக்கு 36 பாயின்ட்டே அதிகம் என்று நினைக்கிறேன்.

ஸ்டார்கார்ட் நோயில் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிறது. நேராகப் பார்க்கும் இடத்தில் ஒரு மறைப்பு விழுவதால், பிள்ளைகள் பார்வையைக் கொஞ்சம் மேலேயோ பக்கவாட்டிலோ திருப்பி, ஓரப்பார்வையால் படிக்கப் பழகிக்கொள்கிறார்கள். ஓரப்பார்வைக்கு இரண்டு குறைகள் உண்டு. நுணுக்கம் குறைவு, எழுத்தைப் பெரிதாக்கினால் இது ஓரளவு சரியாகிவிடும். நெருக்கமாக நிற்கும் எழுத்துகளும் வரிகளும் ஒன்றோடொன்று குழம்பித் தெரிவது இரண்டாவது. அளவை மட்டும் கூட்டினால் இது முழுதும் போகாது. ஏ4 தாளில் 36 பாயின்ட் போட்டால் ஒரு வரிக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள்தான் நிற்கும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை கண் திரும்பிவந்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேட வேண்டும். நடுப்பார்வை இல்லாதவர்களுக்கு மிகக் கடினமான வேலை இந்தத் தேடல்தான். அவள் களைப்பு அங்கிருந்து வருகிறது.

சரி, எந்த அளவு? சீட்டில் உள்ள N12, அவள் திக்கித் திணறியாவது படிக்க முடிந்த மிகச் சிறிய எழுத்து. அந்த அளவில் பாடம் படிக்க முடியாது. சரளமாகப் படிக்க அதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும் என்பது குறைபார்வை மருத்துவத்தில் நாங்கள் வைத்திருக்கும் தொடக்கக் கணக்கு. அப்படியானால் அதே 15 செ.மீ. தூரத்தில் N24.

இந்த N எண் டைம்ஸ் ரோமன் ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்லப்படுவது. தமிழ் ஃபான்ட்களில் 24 பாயின்ட் என்று போட்டால் ஒன்று பெரிதாக வரும், இன்னொன்று சிறுத்து வரும். அதனால் கணினி காட்டும் எண்ணை நம்பாமல் பிரிண்ட் எடுத்து, 'ப' எழுத்தின் உயரத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். N24 என்றால் ஆங்கிலச் சின்ன x எழுத்தின் உயரம் சுமார் 4.3 மில்லிமீட்டர். தமிழில் ண, ஞ, ணை மாதிரி சுழிகள் நிறைந்த எழுத்துகள் இருப்பதால் 'ப' 5 மில்லிமீட்டர் வரும்படி வைப்பது என் வழக்கம்.

இதுவும் தொடக்கம்தான். இறுதி அளவை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். அவளுக்குப் பழக்கமில்லாத, ஒரே கடினத்தில் உள்ள பத்திகள் சிலவற்றை எடுங்கள். ஒவ்வொன்றிலும் 60 சொற்கள். 16, 20, 24, 28, 32, 36 என்று ஒவ்வொன்றையும் ஓர் அளவில் அச்சிடுங்கள். வழக்கமான இடம், வழக்கமான விளக்கு, வழக்கமான தூரம். வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, போன் கடிகாரத்தில் நேரம் குறியுங்கள். உதாரணத்துக்கு முடிவு இப்படி வருகிறது என்று வையுங்கள்: 16இல் 2 நிமிடம் 10 விநாடி, 20இல் ஒன்றரை நிமிடம், 24இல் 1 நிமிடம் 5 விநாடி, 28இலும் 32இலும் கிட்டத்தட்ட அதே, 36இல் மறுபடி 1 நிமிடம் 20 விநாடி. 24க்கு மேல் பெரிதாக்கி எந்த லாபமும் இல்லை என்று தெரிகிறது. அப்போது 24தான் அவள் அளவு. மாலையில் களைத்திருக்கும்போது படிக்கிற பிள்ளை என்றால் 28 வைக்கலாம். எது பிடித்திருக்கிறது என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் மிகப் பெரியதைக் காட்டுவார்கள், எழுத்து நன்றாகத் தெரிகிறதே என்று. தெரிவது வேறு, ஓடுவது வேறு.

நேரத்தைவிடத் தவறுகளைக் கவனியுங்கள். 'கல்' என்பதை 'கல' என்று படித்தால் புள்ளி தெரியவில்லை. 'எ'வும் 'ஏ'வும் மாறினால் அடியிலுள்ள சிறு கோடு தெரியவில்லை. கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறினால் சுழி அடைபட்டிருக்கிறது. இவை ஃபான்ட்டின் குறை. அளவைக் கூட்டுவதற்கு முன் ஃபான்ட்டை மாற்றிப் பாருங்கள். மெல்லியதும் தடித்ததுமாகக் கோடு மாறும் அலங்கார எழுத்து வேண்டாம். Noto Sans Tamil, Nirmala UI போன்றவற்றில் கோடு ஏறக்குறைய ஒரே தடிமனாக இருக்கும். நீங்கள் போட்ட முழு போல்டும் சிக்கல்தான்: 'ண', 'இ' எழுத்துகளின் உள்வெளி கறுத்து மூடிக்கொள்ளும். Noto Sans Tamil ஃபான்ட்டில் Medium, SemiBold என்று நடுத்தரத் தடிமன்கள் இருக்கின்றன. பாடத்துக்கு அவற்றில் ஒன்று, தலைப்புக்கு மட்டும் Bold. பள்ளியில் தந்த கோப்பு பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஃபான்ட் மாற்றியதும் எல்லாம் குப்பையாகத் தெரியும்.

வரியே தவறினால் அது இடைவெளி விவகாரம். தமிழில் 'கீ' மேலே ஏறும், 'கூ' கீழே இறங்கும், புள்ளி உச்சியில் நிற்கும். ஒற்றை இடைவெளியில் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் ஏறக்குறைய முட்டிக்கொள்ளும். வேர்டில் Line spacing என்ற இடத்தில் Multiple, 1.5 என்று தொடங்குங்கள். Exactly என்பதைத் தொடாதீர்கள். எண் குறைந்தால் எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்படும். ஒவ்வொரு ஃபான்ட்டும் தன்னோடு வேறு வேறு இடைவெளி கொண்டுவருவதால் இந்த 1.5ஐயும் அப்படியே நம்ப முடியாது. அச்சிட்ட தாளில், மேல்வரிச் சுழியின் அடிக்கும் கீழ்வரிப் புள்ளிக்கும் நடுவே ஒரு 'ப' படுக்கும் அளவு வெள்ளை இருந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் அடுத்த வரி எங்கே என்றே தேட வேண்டியிருக்கும். இடைவெளியால் படிக்கும் வேகம் பெரிதாக அதிகரிக்காது. வரி தவறுவது குறையும், அவ்வளவுதான்.

எழுத்துக்கு எழுத்து இடைவெளியை விரிப்பதைப் பலர் ஆங்கிலக் கையேடுகளைப் பார்த்துச் செய்கிறார்கள். தமிழுக்கு நான் அதைச் சொல்வதில்லை. 'கா'வில் கால் விலகி நின்றால் 'கர' என்று படித்துவிடுவாள். அதற்குப் பதில் சொற்களுக்கு நடுவே இரண்டு ஸ்பேஸ் விடுங்கள். பத்தியை இரண்டு பக்கமும் சமன் செய்யாமல் இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக வையுங்கள். நீளச் சொற்கள் உள்ள தமிழில் சமன் செய்தால் வரி நடுவே பள்ளம் விழும், அவள் அங்கே வரி முடிந்துவிட்டது என்று நினைப்பாள்.

ஆங்கிலச் சொல் கலந்த குறிப்புகளில் ஒரு வேடிக்கை நடக்கும். வேர்ட் தமிழை Complex scripts என்ற தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. தமிழ் 24க்குப் போன பின்னும் ஆங்கிலம் 12இலேயே நிற்கலாம். Ctrl+D அழுத்தி இரண்டு இடத்திலும் அளவைப் பாருங்கள். அறிவியலில் இன்னொன்று: H₂SO₄ என்று எழுதும்போது கீழே வரும் எண் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். 24இல் எழுதினால் அந்த 2, 4 இரண்டும் 16க்கு வந்துவிடும், அது அவள் திணறும் அளவு. சமன்பாடுகளை மட்டும் 36இல், வரிக்கு ஒன்றாகப் போடுங்கள். 36 பாயின்ட்டுக்கு உண்மையான வேலை அங்கேதான். படங்கள் பக்கத்துக்கு ஒன்று; கோட்டைத் தடித்த பேனாவால் மீண்டும் வரைந்து, பெயர்களைப் படத்துக்கு வெளியே எழுதுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கித் தரச் சொல்லலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஏ4ஐ ஏ3 ஆக்கினால் 141 சதவீதம். 12 பாயின்ட் 17தான் ஆகும், புள்ளிகள் மங்கும், தாள் மேசையைவிட்டு வெளியே தொங்கும். தட்டச்சு செய்வதுதான் வழி. ஆனால் எழுத்து இரு மடங்கானால் பக்கம் நான்கு மடங்கு. 20 பக்கக் குறிப்பு 80ஐத் தாண்டும். அதனால் எல்லாவற்றையும் அச்சிடாதீர்கள். வரையறைகள், சமன்பாடுகள், படங்கள், வினாவிடை ஆகியவை தாளில் இருக்கட்டும். நீளமான விளக்கங்களை யாராவது படித்துப் பதிவு செய்து கொடுங்கள். பாடத்துக்கு ஒன்றாக ஸ்பைரல் பைண்டிங் போட்டால் விரித்தபடி நிற்கும். பளபளக்காத, பின்பக்க எழுத்து தெரியாத தாள் வேண்டும். இந்த நோயில் கண் கூசும் என்பதால் வெள்ளையோடு இளமஞ்சள் தாளிலும் ஒரு பக்கம் எடுத்து எது வசதி என்று அவளிடமே கேளுங்கள். பக்க ஓரத்தில் பாடநூலின் பக்க எண்ணைக் குறித்துவிடுங்கள். வகுப்பில் ஆசிரியர் "84ஆம் பக்கம் எடுங்க" என்னும்போது அவள் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

15 செ.மீ. வரை முகத்தருகே வைத்துப் படிப்பதால் பார்வை கெடாது, அதட்டாதீர்கள். தூரம் பாதியானால் எழுத்து இரண்டு மடங்காகத் தெரியும். அவளுக்கு இது காசில்லாத உருப்பெருக்கி. கழுத்து வலிக்காமல் இருக்கச் சாய்வுப் பலகை வாங்கிக் கொடுங்கள். கண்ணுக்கு நல்லது என்று யாராவது வைட்டமின் ஏ மாத்திரை சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். ஸ்டார்கார்டில் அது கெடுதல் செய்யக்கூடும். சாப்பாட்டில் வரும் கேரட், கீரைக்குத் தடையில்லை.

வேறு பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, முற்றிய கண்ணழுத்த நோய் போன்றவற்றில் பார்வைப் பரப்பு சுருங்கியிருக்கும். அவர்களுக்கு எழுத்து பெரிதாகப் பெரிதாக ஒரு பார்வைக்குள் அகப்படும் எழுத்துகள் குறையும். சிறிய அளவும் நல்ல கறுப்பும் அதிக வெளிச்சமும்தான் அவர்களுக்கு உதவும்.

மகளின் நேரக் குறிப்புகளையும் அந்தத் தாள்களையும் தேதி போட்டு வைத்திருந்து, அடுத்த முறை குறைபார்வைப் பிரிவுக்குப் போகும்போது கொண்டுபோங்கள். பழகிய அளவிலேயே நேரம் கூடினாலோ, 15 செ.மீ.க்கும் அருகில் இழுத்துப் படித்தாலோ நோய் நகர்ந்திருக்கலாம். அப்போது தேர்வு வரை காத்திருக்காமல் முன்னதாகவே காட்டிவிடுங்கள்.