பழைய கார் கடன்: மதிப்பீடு, வயது, வட்டி

கேள்வி: வடசேரியில் ஒருவரிடம் 4,80,000 ரூபாய்க்கு ஒரு காரைப் பேசி முடித்தேன். வங்கியோ 3,36,000 ரூபாய்தான் தருவேன் என்கிறது. எண்பது சதவீதம் தருவதாகச் சொன்னவர்கள் இப்படிக் குறைக்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

அவர்கள் குறைக்கவில்லை. நீங்கள் 4,80,000 ரூபாயில் எண்பது சதவீதத்தை எதிர்பார்த்தீர்கள். வங்கியோ தன் மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்த 4,20,000 ரூபாயில் எண்பது சதவீதத்தைக் கணக்கிட்டது. பேசிய விலை மதிப்பீட்டைவிடக் குறைவாக இருந்தால், பெரும்பாலும் அந்தக் குறைந்த தொகையையே அடிப்படையாகக் கொள்வார்கள். ஆக, 1,44,000 ரூபாயை நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். பெயர் மாற்றம், காப்பீடு, கடன் பரிசீலனைக் கட்டணம் ஆகியவை தனி.

தவணை நின்றுபோய் வண்டியைக் கைப்பற்ற நேர்ந்தால் ஏலத்தில் என்ன கிடைக்கும் என்பதே கடன் கொடுப்பவரின் கேள்வி. அதனால்தான் மதிப்பீட்டாளர் புது சீட் கவரையும் மியூசிக் சிஸ்டத்தையும் பொருட்படுத்துவதில்லை. சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுவார். கதவுத் தூண்களில் மறு வெல்டிங் இருக்கிறதா, ஓடிய கிலோமீட்டருக்கும் பெடல் ரப்பரின் தேய்மானத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா, எத்தனையாவது உரிமையாளர் என்றெல்லாம் பார்ப்பார். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் நின்ற வண்டி என்றால் டிக்கியின் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் குழியை விரலால் அழுத்திப் பார்க்கிற அனுபவசாலிகளும் உண்டு. உப்புக்காற்றில் துருப்பிடித்த தகடு பெயின்டுக்கு அடியில் உப்பி, தொட்டால் உதிரும். முன்பணம் கொடுக்கும் முன் நீங்களும் அதைச் செய்து பாருங்கள். இந்த மதிப்பீட்டைக் காட்டியே விற்பவரிடம் விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: ஏழு வயதான காருக்கு ஐந்து ஆண்டுத் தவணை கேட்டேன், மூன்றே ஆண்டுகள்தான் என்றார்கள். மாதத் தவணை கட்டுப்படியாகவில்லையே? (தக்கலை வாசகர்)

கடன் எடுக்கும் நாளில் அல்ல, கடன் முடியும் நாளில் வண்டிக்கு என்ன வயது என்பதே விதி. பல நிறுவனங்கள் பத்து ஆண்டு என்று எல்லை வைத்திருக்கின்றன. சிலவற்றில் இது கூடலாம், குறையலாம். பத்தில் ஏழு போனால் மூன்று. உதாரணமாக, 3,36,000 ரூபாயை 14 சதவீத வட்டியில், மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவைக் கணக்கில் மூன்றாண்டில் அடைத்தால் மாதம் ஏறக்குறைய 11,480 ரூபாய். நான்காண்டு கிடைத்தால் 9,180 ரூபாய். எனவே வண்டியைத் தேடும்போதே வயதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஆர்.சி.யில் பதிவு நாளும் தயாரிப்பு மாதமும் தனித்தனியே இருக்கும். முந்தைய நவம்பரில் தயாராகி மார்ச்சில் பதிவான வண்டிக்கு, தயாரிப்பு மாதத்தை வைத்து வயதைப் பார்க்கும் நிறுவனத்தில் நான்கு மாதத் தவணைக் காலம் கைநழுவும்.

கேள்வி: வங்கியில் 13 சதவீதம் சொல்கிறார்கள், மார்த்தாண்டத்தில் ஒரு பைனான்ஸில் 8 சதவீதம்தான். எது லாபம்? (குழித்துறை வாசகி)

அந்த எட்டு, பிளாட் வட்டியா என்று முதலில் கேளுங்கள். பிளாட் என்றால் நான்கு லட்சம் ரூபாய்க்கு நான்காண்டு வட்டி 1,28,000 ரூபாய். மொத்தம் 5,28,000 ரூபாயை 48 மாதங்களில் மாதம் 11,000 ரூபாயாகக் கட்டுவீர்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு நான்கு லட்சத்துக்கே கணக்கிடப்படுவதால், குறையும் நிலுவைக் கணக்கில் இது சுமார் 14.3 சதவீதம். ஆகவே வங்கியின் 13 சதவீதமே மலிவு. பழைய வண்டியின் மதிப்பு நிச்சயமற்றது, விற்றுப் பணமாக்குவதும் கடினம் என்பதால் புது காரைவிட வட்டி கூடுவது இயல்புதான். அதை மறைத்துச் சொல்வதுதான் தவறு. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இரு இடங்களிலும் அதை வாங்கி அந்த ஒற்றை எண்ணை ஒப்பிடுங்கள்.

கேள்வி: களியக்காவிளைக்கு அப்பால் கேரளப் பதிவு கார் மலிவாகக் கிடைக்கிறது. கடன் தருவார்களா? (மார்த்தாண்டம் வாசகர்)

சிலர் தருவார்கள், பலர் வண்டி டி.என். பதிவுக்கு மாறிய பிறகு வரச் சொல்வார்கள். கேரள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும் என்பதால், அந்தச் செலவை விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே மலிவா என்று முடிவு செய்யுங்கள். விற்பவரின் பழைய கடன் ஆர்.சி.யில் இன்னும் அடமானப் பதிவாக இருந்தால், கடன் கொடுத்தவர் கையொப்பமிட்ட படிவம் 35 வந்து அது நீங்கும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.