நல்லூர்த் தேரும் கமராவும்: கேள்வி பதில்

கேள்வி (கொக்குவில், மாணவன்): முதல்முறையாக நல்லூர்த் தேருக்குக் கமராவோடு போகிறேன். உள்ளே எடுக்கக்கூடாது என்று தெரியும். வெளியே எங்கே நிற்பது?

பதில்: தம்பி, தேர் 24ஆம் திருவிழா. நல்லூரில் நேரம் பிந்தாது. விடிய முதலே வீதிக்குப் போய்விடுங்கள். கோயில் கிழக்குப் பார்த்தது. முன்வீதியில் சூரியனை முதுகுக்கு வைத்து நின்றால் காலை வெயில் தேரின் முகத்தில் விழும். ஒரு கமரா, ஒரு லென்ஸ் போதும். முக்காலி கொண்டுபோக வேண்டாம், அந்தச் சனத்துக்குள் யாராவது தடக்கி விழுவார்கள்.

சுவாமி வாசலைத் தாண்டி வெளியே வரும்வரை கமராவைத் தூக்காதீர்கள். வெளியில் நின்றுகொண்டு நீள லென்ஸால் வாசலுக்குள் குறிவைப்பதும் உள்ளே எடுப்பதுதான். தொண்டர் உங்களைக் கண்டு மறிப்பாரா என்பது வேறு விடயம்.

தேர் ஓடத் தொடங்கிய பிறகு வடத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து எடுக்கவே கூடாது. மூலையில் தேர் திரும்பும்போது வடம் இறுகி உட்பக்கமாக இழுபடும். அந்த உள்மூலையில் நிற்பவர்கள்தான் நெரிபடுவார்கள். வெளி ஓரமாக, சில அடி தள்ளி நில்லுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): வெளிவீதி பொது இடம்தானே? பொது இடத்தில் யாரையும் எடுக்கலாம், ஒருத்தரும் கேட்க ஏலாது. ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

பதில்: அரைவாசி சரி. தேர், வடம் பிடிக்கிற சனம், மேளக்காரர், அர்ச்சனைத் தட்டோடு நிற்பவர்கள் எல்லாரும் உங்களைக் காண்கிறார்கள். பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பலாம், கையைக் காட்டி மறிக்கலாம். அவர்களை எடுப்பதில் எனக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை.

தேருக்குப் பின்னால் வருபவர்களைப் பாருங்கள். பிரதட்டை பண்ணுகிறவர் ஈர வேட்டியோடு மணலில் உருண்டு வருகிறார். கண் மூடியிருக்கிறது, வாயில் மணல் ஒட்டியிருக்கிறது, வேட்டி விலகுவது அவருக்குத் தெரியாது. அடி அழிக்கிற பெண்கள் விழுந்து கும்பிட்டு, எழும்பி, அடுத்த அடியில் திரும்பவும் விழுகிறார்கள். அவர்களால் உங்களைக் காணவும் முடியாது, மறிக்கவும் முடியாது. ஆகவே வீதியா கோயிலா என்பதை மட்டும் வைத்து நான் முடிவெடுப்பதில்லை. என் கமராவுக்கு முன்னால் இருப்பவர் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்று பார்ப்பேன்.

சொல்ல முடியாதவர் என்றால், அவருக்குப் பக்கத்தில் கூட வருகிற ஒருவர் அநேகமாக இருப்பார்: தண்ணீர்ப் போத்தலோடு அண்ணன், துவாயோடு மனைவி. கமராவை நெஞ்சளவில் வைத்துக்கொண்டு அவருடைய கண்ணைப் பாருங்கள். தலையாட்டினால் முன்பக்கமாக, பக்கவாட்டில் நின்று, கைகூப்பிய கையும் முகமும் வருகிற மாதிரி ஒன்றிரண்டு எடுங்கள். பின்பக்கமிருந்து எடுக்கவே வேண்டாம். உருண்டு வருகிற பாதையில் குந்தியிருந்து எடுத்தால் அவர் உங்கள் காலில்தான் வந்து முட்டுவார். கூட வருகிறவர் பார்வையைத் திருப்பிவிட்டால் அதுதான் பதில். நீள லென்ஸோடு தூரப்போய் நின்றாலும் அது மாறாது.

கேள்வி (மானிப்பாய்): போன வருசம் அம்மா அடி அழிச்சதை யாரோ பின்னால் நின்று எடுத்து முகநூலில் போட்டுவிட்டினம். அம்மா இந்த முறை வரமாட்டன் என்கிறா. நாங்கள் எந்தப் பக்கத்தால் போனால் கமராக்காரர் இருக்கமாட்டினம்?

பதில்: தங்கச்சி, வாசிக்கவே மனம் நோகிறது. ஒதுங்கிப் போக வேண்டியவர்கள் நீங்கள் இல்லை. படம் இன்னும் இருந்தால் போட்டவருக்குத் தனிச்செய்தி அனுப்பி, 'இது என் அம்மா, எடுத்துவிடுங்கள்' என்று மட்டும் எழுதுங்கள். கீழே கருத்துப் போட்டால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள். அகற்ற மறுத்தால் முகநூலிலேயே முறைப்பாடு செய்யலாம். இந்த முறை அம்மாவுக்குப் பின்னால் நீங்களோ ஒரு மாமியோ நடந்து வாருங்கள். கமரா தூக்கினால் கையைக் காட்டுங்கள், பெரும்பாலானோர் இறக்கிவிடுவார்கள்.

கேள்வி (சுன்னாகம்): தீபாராதனை எடுத்தால் சுவாமி முகம் வெள்ளையாகப் போகுது. என்ன செட்டிங் வைக்க வேண்டும்?

பதில்: நல்லூருக்குள் என்றால் எந்த செட்டிங்கும் இல்லை. உங்கள் ஊர்க் கோயில் என்றால் முதல்நாளே தர்மகர்த்தாவிடமும் ஐயரிடமும் கேளுங்கள். மூலஸ்தானத்தை எடுக்க விடாத கோயில்கள் பல, உற்சவமூர்த்தியை மட்டும் விடுவார்கள். விட்டால், கற்பூரச் சுடருக்கு ஏற்றபடி வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் குறையுங்கள், முகம் வெளுக்காது. பிளாஷ் வேண்டாம். பலர் மறக்கிறது, இருட்டில் குவியம் தேட கமராவே போடுகிற அந்தச் செம்மஞ்சள் லைற். மெனுவில் அதை நிறுத்துங்கள். கும்பிட்டு நிற்கிறவரின் முகத்தில் அது அடிக்கும்.

கருத்து (பருத்தித்துறை, ஓய்வுபெற்ற ஆசிரியர்): செடில் காவடி பற்றி நீங்கள் எழுதவில்லை. முள்ளுக் குத்துவது பெரும்பாலும் வேறொரு கோயிலடியில், குடும்பத்தார் சுற்றி நிற்கத்தான் நடக்கும். வீதியில் ஆடி வருவதை எடுக்கலாம் என்பதற்காகக் குத்துகிற இடத்துக்கும் போய்க் கமராவை நீட்டுகிறார்கள். செடில் கயிறு பிடிப்பவரிடம் கேட்காமல் கிட்டப் போகக்கூடாது. உரு வந்து ஆடுகிறவரை நான் எந்த இடத்திலும் எடுக்க விடமாட்டேன்.

பதில்: சேர், கயிறு பிடிப்பவர் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். உரு விடயத்தில்தான் முழுதாக உடன்பட முடியவில்லை. எடுத்த படத்தைப் பிறகு கேட்டு வாங்கி வீட்டில் மாட்டினவர்களும் உண்டு, அழித்துவிடச் சொன்னவர்களும் உண்டு. நான் எடுத்தால் ஆடி முடித்துத் தண்ணீர் குடித்த பிறகு அவரிடமே காட்டிக் கேட்பேன். உங்கள் வாதம், அதற்குள் எடுத்தாகிவிட்டதே என்பது. அதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை.

கேள்வி (ரொறன்ரோ): ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் அப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்ய வருகிறேன். வரமுடியாத தங்கைக்காக வீடியோ எடுக்க வேண்டும். அதுவும் பிழையா?

பதில்: பிழையில்லை அண்ணை. உங்கள் கிரியை, உங்கள் குடும்பம். தொடங்க முதல் ஐயரிடம் சொல்லுங்கள். மந்திரத்துக்கு நடுவில் 'இந்தப் பக்கம் திரும்புங்கோ ஐயா' என்று சொல்ல வைக்காதீர்கள். எடுக்கிறது ஒரே ஒருவராக இருக்கட்டும், போனைத் தாழ்வாகப் பிடித்து எள்ளும் தண்ணீரும் விடுகிற உங்கள் கையை எடுக்கச் சொல்லுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் பின்னால் அழுதுகொண்டு நிற்கிற வேறு குடும்பங்களும், கேணியால் ஈரத்தோடு ஏறுகிறவர்களும் படத்துக்குள் வந்துவிடுவார்கள். பெண்கள் குளிக்கிற கேணிப் பக்கம் கமரா திரும்பவே கூடாது. தங்கைக்கு நேரடியாகக் காட்டுவதென்றால் ஒலிபெருக்கியை நிறுத்தி, காதில் மாட்டிக்கொள்ளுங்கள்.